பதினைந்து நிமிடக் கூட்டம்: கடைக்காரர் கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் பலசரக்குக் கடை. நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கிழமைக் கூட்டத்தை ஞாயிறு இரவு கடை பூட்டிய பிறகு வைக்கலாமா?

வேண்டாம். தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு இறங்கும் நாள் ஞாயிறு. அன்று இரவு உங்கள் ஆட்களுக்குக் கால் வலி ஒரு பக்கம், கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எதைச் சொன்னாலும் "சரி" என்பார்கள். திங்களன்று கணக்கை முடியுங்கள். செவ்வாய் காலை, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுங்கள். போயா வந்தால் புதனுக்குத் தள்ளுங்கள், விட்டுவிட வேண்டாம். இரண்டு கிழமை விட்டால் மூன்றாம் கிழமை யாரும் வரமாட்டார்கள். இன்னொன்று: திறப்பதற்கு முன் கூப்பிட்டாலும் அது வேலை நேரம்தான். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்ற கணக்கில் அதையும் சேருங்கள்.

பண்டாரவளையிலிருந்து: பதினைந்து நிமிடம் என்று தொடங்கி முக்கால் மணி ஆகிவிடுகிறது.

ஒரே கூட்டத்தில் எல்லாப் பிரச்சினையையும் தீர்க்கப் பார்க்கிறீர்கள். போன கிழமை கொடுத்த வேலைகளுக்கு 3 நிமிடம், விற்பனைக்கு 4, ஒரே ஒரு பிரச்சினைக்கு 5, இந்தக் கிழமை வேலைகளுக்கு 3. மற்றப் பிரச்சினைகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த செவ்வாய் அவற்றில் பாதி தானாகவே தீர்ந்திருக்கும்.

தலவாக்கலை டவுனில் கடை. போன கிழமை விற்பனை 4 இலட்சம், இந்தக் கிழமை 2 இலட்சத்து 90 ஆயிரம். கூட்டத்தில் நன்றாக ஏசினேன். ஒரு பையன் வேலையை விட்டே போய்விட்டான். ஆட்களை எப்படி வேலை வாங்குவது?

இந்தக் கடிதம் ஊர் பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. ஏசுவதற்கு முன் கலண்டரைப் பார்த்தீர்களா? போன கிழமைக்குள் 10ஆம் திகதி இருந்தது. தோட்டச் சம்பளம் கைக்கு வந்த கிழமையையும் அதற்கு அடுத்த கிழமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கடையிலும் எண் விழத்தான் செய்யும். அதில் பையனுடைய குற்றம் ஒன்றும் இல்லை.

மலையகக் கடையில் கிழமையைத் திங்கள், ஞாயிறு என்று எண்ணாமல் சம்பள நாளிலிருந்து எண்ண வேண்டும். சம்பளத்துக்குப் பின் முதல் ஏழு நாள், இரண்டாம் ஏழு நாள், 25ஆம் திகதி அளவில் அட்வான்ஸ் வரும் ஏழு நாள், கடன் கொப்பியில் எழுதி வாங்கியே ஓட்டும் கடைசி நாட்கள். இரண்டாம் ஏழு நாளைப் போன மாதத்து இரண்டாம் ஏழு நாளோடுதான் ஒப்பிட வேண்டும். சம்பளம் ஒரு நாள் முந்தினாலோ பிந்தினாலோ உங்கள் எண்ணும் அதோடு நகர வேண்டும். தீபாவளி மாதத்துக்கு இந்தக் கணக்கும் உதவாது. அது ஒரு வருடம் ஒக்டோபரில் வரும், ஒரு வருடம் நவம்பரில் வரும். ஆகவே போன வருடத்துத் தீபாவளிக் கிழமையை எடுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளை வைத்தே பார்ப்போம். போன மாதம் இதே ஏழு நாளில் 2 இலட்சத்து 60 ஆயிரம். ஆகவே 30 ஆயிரம் கூடியிருக்கிறது, குறையவில்லை. ஆனால் சந்தோஷப்படவும் முடியாது. போன மாதம் காசு விற்பனை 1 இலட்சத்து 80 ஆயிரம், கடன் 80 ஆயிரம். இந்த மாதம் காசு 1 இலட்சத்து 70 ஆயிரம், கடன் 1 இலட்சத்து 20 ஆயிரம். காசு 10 ஆயிரம் குறைந்து, கடன் 40 ஆயிரம் ஏறியிருக்கிறது. கூடியதெல்லாம் கொப்பியில்தான் கிடக்கிறது. சம்பளம் வந்த இரண்டாம் ஏழு நாளிலேயே கடன் இப்படி ஏறினால், பழைய கடனைக் கட்டாமலே புதிதாக வாங்குகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கோதுமை மா 12 மூட்டை போயிருக்கிறது, போன மாதமும் 12. ஆகவே வாடிக்கையாளர் குறையவில்லை. விலை ஏறி இறங்கும் காலத்தில் ரூபாயை மட்டும் நம்பாமல் இப்படி ஒரு சாமானையாவது மூட்டைக் கணக்கில் பிடித்து வையுங்கள்.

நீங்கள் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "பழைய பாக்கியைப் பார்க்காமல் கொப்பியில் எழுதுவது யாருடைய கையில் நடக்கிறது?" அநேகமாக மாலை நெரிசலில் எல்லோருடைய கையிலும் நடந்திருக்கும். அப்படியானால் கொப்பி ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், பாக்கி உள்ள பக்கத்தில் சிவப்பு பேனாவால் கோடு இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு. மழையால் ரோடு மூடிக் கிடந்த நாள் இருந்தால் அதையும் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அது உங்களுக்கே மறந்துவிடும். விட்டுப்போன பையனையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

எத்தனை பேர், என்ன கடை, யார் முதலில் பேசுகிறார் என்று ஒன்றையும் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள். பொதுவாக, முதலாளி முதலில் பேசும் இடத்தில் மற்றவர்கள் பேசமாட்டார்கள். வயதில் சிறியவரிடமிருந்து தொடங்குங்கள், நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். "இந்தக் கிழமை ஆட்கள் கேட்டு நம்மிடம் இல்லாமல் போன சாமான் எது?" என்று கேளுங்கள். இதற்காகவே மேசையில் ஒரு சின்னக் கொப்பி தொங்கட்டும். இல்லை என்று சொன்ன ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோடு. ஒரே சாமானுக்கு ஐந்து கோட்டுக்கு மேல் விழுந்தால் அடுத்த லொறியில் அது வர வேண்டும்.

நானுஓயா: வேலையைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், செய்வதில்லை.

என்ன சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "பின் அறையைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன்." யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது, எப்போது? ஆளும் நாளும் இல்லாமல் வேலை கொடுக்காதீர்கள். "பருப்பு மூட்டைகள் ஈரச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பலகை மேல். செய்பவர் இன்னார். வியாழன் மதியத்துக்குள்." இப்படித் தாளில் எழுதி, அவரையே வாசிக்கச் சொல்லி, காசு மேசைக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஒருவருக்கு ஒரு கிழமையில் இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம். அடுத்த கூட்டம் அந்தத் தாளில்தான் தொடங்க வேண்டும். முடியாத வேலைக்கு ஏன் என்று ஒரு வரி கேளுங்கள். பலகையே வாங்கித் தரவில்லை என்றால் குற்றம் உங்களுடையது.

பதுளை: ஒருவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும்.

எண்களைப் பலகையில் எழுதுங்கள், அதற்கு மொழி தேவையில்லை. வேலைத் தாளை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். ஆளும் நாளும் இரண்டிலும் இருக்கட்டும்.

அப்புத்தளை: நானும் மனைவியும் மட்டும்தான் கடையில். எங்களுக்கும் கூட்டம் வேண்டுமா?

வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் சாப்பாட்டு மேசையில் வேண்டாம், கடையிலேயே கொப்பியைத் திறந்து வைத்துப் பேசுங்கள்.

நுவரெலியா: லாச்சியில் காசு குறைகிறது. கூட்டத்தில் எல்லோரையும் வைத்துக் கேட்கலாமா?

கூடாது. நாலு பேர் முன்னால் கேட்டால் நாலு பேரும் திருடராகிறார்கள். குறைந்த அன்றைக்கே, அன்று லாச்சியில் நின்றவரோடு தனியே உட்கார்ந்து, பில் கட்டையும் மிச்சக் காசையும் எண்ணுங்கள். பெரும்பாலும் மீதி கொடுத்ததில் பிழை இருக்கும், அல்லது லொறிக்காரருக்குக் கொடுத்த காசை எழுதாமல் விட்டிருப்பார்கள். கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது ஒன்றுதான்: இனி லாச்சியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் துண்டு எழுத வேண்டும், அந்தத் துண்டுகளை இரவில் எண்ணுபவர் யார், எந்த நாளிலிருந்து.