பெயருக்குக் கீழே போட்ட பட்டம்

கேள்வி: ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ முடித்து, 'டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட்' என்று போட்டு ஒன்றரை வருடமாக ஆலோசனை சொல்லி வருகிறேன். சேரும்போது அரசு அங்கீகாரம் உள்ள படிப்பு என்றுதான் சொன்னார்கள். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள ஒருவர், என் டயட் சார்ட்டால்தான் மருத்துவமனையில் சேர்ந்தேன் என்று சொல்லி, 18,000 ரூபாய் கட்டணத்தோடு 6 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சார்ட்டில் தவறே இல்லை, அவர்தான் மாத்திரையை நிறுத்தினார். இதே ஊரில் தொழில் செய்யும் ஒரு டயட்டீஷியன் பொறாமையில் அவரைத் தூண்டிவிட்டிருக்கிறார். என்ன பதில் அனுப்புவது?

பதில்: யார் தூண்டிவிட்டார்கள் என்பதை விட்டுவிடுங்கள். அதை எந்த மன்றமும் கேட்கப் போவதில்லை. சார்ட் சரியா தவறா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அந்தச் சார்ட்டின் தலைப்பில் உங்கள் பெயருக்குக் கீழே என்ன அச்சாகியிருந்தது, அதைப் போட உங்களுக்குத் தகுதி இருந்ததா என்பதுதான்.

2021-ல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டுமே இருக்கின்றன. பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பட்டத்துக்கு மட்டும்தான் சட்டப் பாதுகாப்பு, நியூட்ரிஷனிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய. நம் சட்டம் சுகாதாரத் தொழில்முறையாளர் என்று சொல்வது, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் வாங்கியவரை. ஆறு மாத வீடியோ வகுப்பு அதன் பக்கத்தில்கூட வராது. இந்தத் துறைப் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கே தடை போட்டுவிட்டது.

'அரசு அங்கீகாரம்' என்று உங்களுக்குக் காட்டியது என்ன? சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட சான்றிதழ்களில் பெரும்பாலும் இருப்பது ஒரு ஐஎஸ்ஓ முத்திரை, ஒரு உத்யம் பதிவு எண், சில சமயம் ஒரு டிரஸ்ட் பதிவு எண். இவை அந்த நிறுவனம் கடை திறந்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்துத் தரும் ஆர்.டி. என்ற தகுதியும் வேறு விஷயம். அதற்கு உட்காரவே இந்தத் துறையில் முறையான மேற்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும்.

சரி, 'அந்தச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய மாநில கவுன்சிலே இன்னும் சரியாக நடக்கவில்லை, பதிவு எங்கே செய்வது' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டிவந்தது. ஆனால் உங்களுக்கு வந்த நோட்டீஸ் நுகர்வோர் வழக்குக்கான நோட்டீஸ். இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டிச் சேவை விற்றால் அது முறையற்ற வணிகம். அதற்குக் கவுன்சில் பதிவேடு திறந்திருக்க வேண்டியதில்லை.

சார்ட் சரி என்ற உங்கள் வாதம் நிற்காது என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பூனம் வர்மா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தான் படிக்காத மருத்துவ முறையில் ஒருவர் சிகிச்சை செய்தால் அதுவே கவனக்குறைவு, தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று. அது ஹோமியோபதி படித்து அலோபதி மருந்து கொடுத்த டாக்டர் பற்றிய வழக்கு. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். சாதாரண உடல் எடைக்குச் சொன்ன யோசனை என்றால் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். நீங்கள் கொடுத்தது சிறுநீரக நோயாளிக்கான உணவுத் திட்டம். பொட்டாசியமும் புரதமும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அளந்து வைக்க வேண்டிய இடம் அது. கடைசியாக அவருடைய பொட்டாசியம் அளவு என்ன, அதை என்றைக்குப் பார்த்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பயமாக இருப்பது நீங்கள் அனுப்பத் துடிக்கும் பதில்தான். போன வருடம் என்னிடம் வந்தவருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை. என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பக்கம் பதில் அனுப்பிவிட்டார். முதல் பத்தியில் 'நான் தகுதி பெற்ற டயட்டீஷியன்' என்று எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியில் 'என்னை அந்த நிறுவனம் அங்கீகாரம் உண்டு என்று ஏமாற்றியது' என்று எழுதியிருந்தார். முதல் பத்தி தவறான தகுதியை எழுத்தில் மறுபடி சொன்னதாக ஆயிற்று. மூன்றாவது பத்தி அந்தத் தகுதி பொய் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. 30,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, அந்தக் கடிதத்தால் பல மடங்கில் போய் முடிந்தது.

நிறுவனத்தின் மேல் வழக்குப் போடத் துடிப்பவர்கள் விழுவதும் இதே குழியில்தான். 'படிப்புக்கு மதிப்பே இல்லை' என்று அங்கே மனுப் போடுவீர்கள். அடுத்த வாரம் அதன் நகல் நோயாளியின் வக்கீல் கையில் இருக்கும். அதனால் முதலில் இதை முடியுங்கள், அப்புறம் அதை.

முடிப்பது என்றால் சமரசம்தான். கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள், மருத்துவமனை பில்லில் ஒரு பங்கைக் கொடுக்கவும் தயாராக இருங்கள். 6 லட்சம் என்பது பேரத்தின் ஆரம்பம், அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். எதையும் ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்தில் தருவதாகவும், இதற்குமேல் பணக்கோரிக்கை இல்லை என்றும் எழுத்தில் வாங்குங்கள். 'போலீசிலோ கவுன்சிலிலோ புகார் தரமாட்டேன்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அது சட்டப்படி செல்லாது, பணம் கொடுத்துப் புகாரை அமுக்கிய மாதிரியும் தெரியும். நோட்டீஸுக்கு இப்போதைக்கு உங்கள் வக்கீல் மூலம் 'விவரங்களைப் பார்த்து வருகிறோம், பேசித் தீர்க்கத் தயார்' என்று நான்கு வரி போதும். கெடு முடிவதற்குள் போகட்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, பெயருக்குக் கீழே இருக்கும் பட்டத்தை எடுப்பது. விசிட்டிங் கார்டு, சார்ட்டின் தலைப்பு, சமூக ஊடகப் பக்கம், பெயருக்கு முன்னால் டயட்டீஷியன் என்பதன் சுருக்கமாக 'டி.டி.' போட்டிருந்தால் அதுவும். முடித்த படிப்பின் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளலாம். நோய்க்கான சார்ட் இனிமேல் வேண்டாம். ஆனால் மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். நோயாளியோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தியதாக அவரே சொன்ன மெசேஜ் இருந்தால் அது அங்கேதான் இருக்கும். பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டும் அதுதான்.

நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு. சான்றிதழ் தேதியிலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு மீதி ஆறு மாதம்கூட இல்லாமல் இருக்கலாம். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவையே அல்ல என்று அவர்கள் வாதாடுவார்கள், ஜெயிப்பது நிச்சயம் இல்லை. ஆனாலும் விளம்பரம், கட்டிய பண ரசீது, 'அரசு அங்கீகாரம்' என்று சொன்ன மெசேஜ் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். சமரசப் பத்திரத்தில் நோயாளி கையெழுத்துப் போட்ட மறுநாள் அந்த ஃபைலோடு வாருங்கள்.