மூக்கால் ஓடும் இரத்தம் ஏன் நிற்பதில்லை: பரம்பரை டெலன்ஜியெக்டேசியா

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. 44 வயது, 55 கிலோ. பதினைஞ்சு வயசில இருந்தே மூக்கால ரத்தம் ஓடுது. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. இப்ப ஒவ்வொரு நாளும் வருது, தொடங்கினா இருபது நிமிசத்துக்கும் நிக்குதில்ல. மூண்டு தரம் மூக்கைச் சுட்டாச்சு, ரெண்டு தரம் ரத்தம் ஏத்தியாச்சு. ஹீமோகுளோபின் 7.8. ரத்தம் உறையிற டெஸ்ட் எல்லாம் சரியாம். உதட்டிலயும் விரல் நுனியிலயும் சிவப்புப் பொட்டு இருக்கு. பரம்பரை டெலன்ஜியெக்டேசியா எண்டு சொல்றாங்க. ஏன் டொக்டர் நிக்குதில்ல? இனி என்ன செய்யலாம்? மகளுக்கு 16 வயசு, அவளுக்கும் இடைக்கிடை வருது.

பதில்: உறைதல் பரிசோதனைகள் சரியாக வந்ததில் வியப்பில்லை. உங்கள் இரத்தம் மற்றவர்களின் இரத்தத்தைப் போலவேதான் உறைகிறது. பழுது இரத்தக் குழாயின் சுவரில். அதனால் வைட்டமின் கே ஊசியாலோ தட்டணுக்கள் ஏற்றுவதாலோ உங்களுக்குப் பயன் இல்லை.

சாதாரண மூக்கில் நாடியிலிருந்து வரும் இரத்தம் மயிரிழை போன்ற நுண்குழாய்களுக்குள் புகுந்து, அங்கே அழுத்தம் குறைந்த பிறகுதான் நாளத்துக்குப் போகும். உங்கள் மூக்கிலுள்ள சிவப்புப் பொட்டுகளில் அந்த இடைப்பகுதி இல்லை. சிறு நாடி நேரே விரிந்த நாளத்தில் திறக்கிறது. கிணற்று மோட்டரிலிருந்து நடுவில் வால்வு எதுவும் இல்லாமல் மெல்லிய பொலித்தீன் குழாயைப் பொருத்திய மாதிரி. நாடியின் அழுத்தம் குறையாமல் ஒரு மெல்லிய சுவரில் போய் மோதுகிறது. நல்ல குழாய் வெட்டுப்பட்டால் அதன் தசை சுருங்கிப் பாதி வாயை அடைத்துவிடும், மீதியை இரத்தக்கட்டி மூடும். விரிந்த குழாய் அப்படிச் சரியாகச் சுருங்காததால் முழு வேலையும் இரத்தக்கட்டியின் தலையில் விழுகிறது. அந்தக் கட்டியும் மூக்குக்குள் காய்ந்து பொருக்காகி, ஒரு தும்மலில் உரிந்து வந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் இந்த நோயாளருக்கு இரத்தப்போக்கு கூடுவதும் இதனால்தான். வெப்பமான உலர்காற்று பொருக்கைச் சீக்கிரம் காயவைக்கிறது. இரவில் முகத்துக்கு நேரே சுழலும் மேசை மின்விசிறியும் அதே வேலையைச் செய்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

சுட்டும் ஏன் திரும்ப வந்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரு பொட்டைச் சுட்டால் அது போகும். ஆனால் உங்கள் உடலின் ஒவ்வொரு கலத்திலும் அந்த மரபணுக் குறை இருக்கிறது, ஆகவே சுட்ட இடத்தின் ஓரத்திலேயே புதிய பொட்டுகள் முளைக்கும். திரும்பத் திரும்பச் சுடும்போது மெல்லிய சளிச்சவ்வு தழும்பாகி இன்னும் உலர்கிறது. நடுச்சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் சுட்டால் உள்ளே இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தம் கிடைக்காமல் அது ஓட்டையாகிவிடும். ஓட்டையின் விளிம்பில் எப்போதும் பொருக்கு கட்டும், அங்கிருந்தும் இரத்தம் வரும். நாலாவது தடவை சுடுவதற்கு நான் அவசரப்படமாட்டேன். நோய் வலுத்தவர்களுக்கும் பலர் முதலில் சூட்டைத்தான் நீட்டுகிறார்கள். 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டல் வேறு வரிசையைச் சொல்கிறது: முதலில் ஈரப்பதம், அடுத்து இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரை, அதன் பின்னரே லேசர் போன்ற சிகிச்சைகள்.

ஈரப்பதம் என்றதும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று மருந்துகளை மூக்குக்குள் ஸ்பிரேயாக அடித்து, வெறும் உப்புநீர் ஸ்பிரேயுடன் ஒப்பிட்டார்கள். அவற்றில் ஒன்றாவது உப்புநீரை வெல்லவில்லை. வீட்டில் செய்வதானால் அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தட்டையாக முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கொதிக்காத கிணற்று நீரையோ குழாய் நீரையோ மூக்குக்குள் விட வேண்டாம். அன்று செய்ததை அன்றே பாவித்துவிட்டு மீதியை ஊற்றிவிடுங்கள். காலையும் இரவும் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு மூன்று ஸ்பிரே, கச்சான் காலத்தில் நாலு ஐந்து தரம். பிறகு வாசலினைச் சுண்டுவிரல் நுனியில் சிறிதளவு எடுத்து மூக்குத் துளையின் ஓரம் மட்டும் பூசுங்கள். பஞ்சுக்குச்சி வேண்டாம், அது பொட்டைக் கீறும்.

இரத்தம் ஓடும்போது உட்கார்ந்து தலையை முன்னே சாய்த்து, எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இறுக்கிப் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம், இடையில் விட்டுப் பார்க்காமல். வாய்க்குள் வருவதைத் துப்புங்கள். துணியையோ உலர்ந்த கோஸையோ அடைக்காதீர்கள், எடுக்கும்போது அது புதிய இடங்களை உரித்துக்கொண்டு வரும். தானாகக் கரையும் ஜெலற்றின் பஞ்சை உங்கள் வைத்தியரிடம் கேட்டு வீட்டில் வைத்திருக்கலாம். ஒரு சிறு துண்டை ட்ரனெக்ஸாமிக் அசிட் ஊசிமருந்தில் நனைத்து உள்ளே வைத்து அழுத்தினால் போதும், எடுக்கத் தேவையில்லை. அரை மணிக்கு மேல் போனால், அல்லது தலைசுற்றினால், வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே காட்டுவதற்கு உங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதுவித்து வையுங்கள்: பரம்பரை டெலன்ஜியெக்டேசியா நோயாளி, கரையும் அடைப்பை முதலில் பாவிக்கவும், அது போதாவிட்டால் எண்ணெய்ப்பசை பூசிய அழுத்தம் குறைந்த பலூன், உலர்ந்த நாடாக் கோஸ் வேண்டாம்.

இனி இரும்புக் கணக்கு. ஒரு நாளைக்கு நாலு தேக்கரண்டி, அதாவது 20 மி.லீ. இரத்தம் போகிறது என்று வைப்போம். உங்கள் இப்போதைய ஹீமோகுளோபினில் அதனுடன் ஏறக்குறைய 5 மி.கி. இரும்பு போகும். உணவிலிருந்து உடல் எடுப்பது நாளொன்றுக்கு 1 அல்லது 2 மி.கி. மட்டுமே. உங்கள் எடைக்கும் 7.8க்கும் கணக்கிட்டால் உடலில் உள்ள குறை சுமார் 1450 மி.கி. 65 மி.கி. இரும்புள்ள மாத்திரை ஒன்றிலிருந்து நன்றாக உறிஞ்சினால் 10 மி.கி. கிடைக்கலாம், அதில் பாதி மூக்கால் போய்விடும். மீதியை வைத்துக் குறையை நிரப்பப் பத்து மாதம் ஆகும். அதுவும் நடக்காது, ஏனென்றால் ஹீமோகுளோபின் 12க்கு ஏறினால் அதே 20 மி.லீ.யில் 8 மி.கி. போகும். மாத்திரை குடித்தும் ஓர் அளவில் வந்து முட்டி நின்றுவிடுவது இதனால்தான். நீங்கள் ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆகவே உங்களுக்கு இரும்பை நாளம் வழியாக ஏற்றுவதே பொருத்தம். அயன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மி.கி. என்றால் ஏழு தடவை. பிறகு ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். மாத்திரையும் தொடர்ந்தால் பிளேன்ரீ குடிப்பதற்கும் அதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மாதவிடாய் கூடுதலாக இருக்கிறதா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அந்த இழப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரை உருவான இரத்தக்கட்டி கரைவதைத் தாமதிக்கும். 500 மி.கி. காலை, மாலை என்று தொடங்கி, தாங்கினால் 1 கிராம் மூன்று தரம் வரை கூட்டலாம். காலில் அல்லது நுரையீரலில் இரத்தம் கட்டியவர்களுக்கு இது கூடாது, சிறுநீரகத்தின் செயற்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே நீங்களாகப் பாமசியில் வாங்க வேண்டாம். தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே கலண்டரில் அன்றன்று எத்தனை நிமிடம் இரத்தம் ஓடியது என்று குறியுங்கள். மூன்று மாதம் முடிய, கிழமைக்கு 140 நிமிடம் 60 ஆகியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. 130 என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இந்தக் குறிப்பு இல்லாமல் எவராலும் தீர்மானிக்க முடியாது.

அடுத்த படியில் லேசர், ரேடியோ அலை, பொட்டைச் சுற்றி மருந்து ஊசி போட்டுச் சுருங்கவைத்தல் ஆகியவை இருக்கின்றன. மூன்றுமே சில மாதங்களுக்கு ஆறுதல் தரும், நிரந்தரம் அல்ல. நடுச்சுவரை மிகக் குறைவாகக் காயப்படுத்தும் ஒன்றை, இந்த நோயில் பழகிய காது மூக்கு தொண்டை நிபுணரிடம் செய்வது முக்கியம்.

அதுவும் போதாமல், இரும்பு அல்லது இரத்தம் ஏற்றுவதே வழக்கமாகிவிட்டால் பெவாசிசுமாப் என்ற ஊசிமருந்து இருக்கிறது. புற்றுநோய்க்காக வந்த இது புதிய குழாய்கள் வளரத் தூண்டும் சமிக்ஞையை அடைக்கிறது. கிலோவுக்கு 5 மி.கி., உங்களுக்கு 275 மி.கி., இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆறு தடவை, பின்னர் இடைவெளி விட்டுத் தொடர்தல். இரத்த அழுத்தம் கூடலாம், சிறுநீரில் புரதம் போகலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். நிறுத்தினால் காலப்போக்கில் இரத்தப்போக்கு திரும்பும். போமலிடோமைட் என்ற மாத்திரை 2024இல் வெளிவந்த ஆய்வில் பயன் காட்டியது. தாலிடோமைட் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் கருவுறக்கூடிய பெண்ணுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் கொடுப்பார்கள்.

சத்திரசிகிச்சையில் தொடைத் தோலை மூக்கின் உட்சுவரில் ஒட்டுவது ஒன்று. சில வருடங்கள் உதவும், ஆனால் பொருக்கும் நாற்றமும் தொல்லையாகும், தோலின் ஓரத்தில் புதிய பொட்டும் வரும். மற்றது மூக்குத் துளைகளைத் தைத்து முழுதாக மூடுவது. காற்று உரசாவிட்டால் பொருக்கு காயாது, இரத்தமும் பெரும்பாலும் நின்றுவிடும். விலையாக மணமும் சுவையின் பெரும்பகுதியும் போகும், வாழ்நாள் முழுக்க வாயால்தான் மூச்சு. இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் முதலில் வீட்டிலே ஒட்டும் நாடாவால் துளைகளை நாளுக்குச் சில மணி நேரம் மூடிப் பார்க்கலாம். அதிலேயே இரத்தம் குறைந்தால் சத்திரசிகிச்சை என்ன தரும் என்பதும், அப்படி வாழ முடியுமா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இதே பழுதான இணைப்பு நுரையீரலிலும் இருக்கலாம். இருந்தால் சிறு இரத்தக்கட்டியும் கிருமியும் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போகும். கைநாளத்தில் குமிழ் கலந்த சேலைன் செலுத்தி எக்கோ பார்த்தால் தெரியும், குழாய் அடைக்கும் சிகிச்சையும் உண்டு. அந்த எக்கோ செய்யும் வரை உங்களுக்குச் சேலைனோ இரும்போ ஏற்றும்போது குழாயில் காற்றுக்குமிழ் வராமல் வடிகட்டி போடச் சொல்லுங்கள். பல் பிடுங்குவதானால் முன்கூட்டியே அன்டிபயோட்டிக் தேவை என்று பல் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வர 50 வீத வாய்ப்பு. மகளுக்கு ஏற்கெனவே மூக்கால் வருவதாலும் தாய்க்கு நோய் உறுதி என்பதாலும் அவளுக்கும் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, உப்புநீரை இப்போதே தொடங்குங்கள், அதே குமிழ் எக்கோவையும் செய்யுங்கள். அவளுடைய மூக்கை இன்னும் எவரும் சுடவில்லை என்றால், அப்படியே இருக்கட்டும்.