எடை தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?

"பையனுக்கு 14 வயது. ஜிம், காபி, இறுக்கமான ஷூ எல்லாம் வளர்ச்சியைத் தடுக்குமாமே?"

தடுக்காது. நாம் உயரமாவது எலும்பு முனையருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கால். தென்னங்குருத்து மாதிரி: மரத்தில் ஊஞ்சல் கட்டினால் வளர்ச்சி நிற்காது, குருத்து அடிபட்டால்தான் ஆபத்து. பயிற்சியாளர் மேற்பார்வையில் எடை தூக்கிய சிறுவர்களை ஆராய்ந்ததில் உயரம் குறையவில்லை. ஓடிக் குதிக்கும்போதே உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமை காலில் இறங்குகிறதே! தாங்காத எடையைத் தூக்கி மூட்டருகே வலி, வீக்கம் வந்தால் மட்டும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்; அந்தத் தட்டு முறிந்திருக்கலாம்.

காபியால் வெளியேறும் கால்சியம் சொற்பம், அதில் ஊற்றும் பாலே ஈடுகட்டிவிடும். (தூக்கம் கெடும், அது வேறு கதை.) இறுக்கமான ஷூ விரல்களைத்தான் வளைக்கும்.

அப்புறம், பளுதூக்கும் வீரர்கள் பலர் குள்ளமாக இருப்பது எடை தூக்கியதால் அல்ல. குள்ளமானவர்களுக்குத் தூக்கவேண்டிய தூரம் குறைவு, அதனால் அந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள்.