ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கிறார்கள்: அண்ணாச்சியிடம் கேட்டவை

செல்வி, பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மகனுக்காக ஒரு பயிற்சி ஆப்புக்கு மாதம் 499 ரூபாய் கட்டினோம். மார்ச் 27-ல் ரத்து செய்துவிட்டோம். அப்புறமும் ஏப்ரல் 8, மே 8 இரண்டு தடவை யுபிஐ ஆட்டோபேயில் பணம் போயிருக்கிறது. திரும்ப வருமா?

வரும் அம்மா, கேட்கிற விதத்தில் கேட்டால். ஆனால் அதற்கு முன்னால் ஜூன் 8-ஐ நிறுத்துங்கள். நீங்கள் ரத்து செய்தது ஆப்பில் உள்ள சந்தாவை. யுபிஐ பின் போட்டு நீங்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதி தனி. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கம்பெனியின் சந்தாப் பிரிவு உங்களை நீக்கியிருந்தாலும், பணம் வசூலிக்கிற பக்கத்துக்கு அந்தத் தகவல் போகாமல் இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

யுபிஐ ஆப்பில் உங்கள் புரொஃபைலுக்குள் Autopay என்று இருக்கும். அதில் பயிற்சி ஆப்பின் பெயரையே தேடாதீர்கள். பல நேரம் கம்பெனியின் பதிவுப் பெயரோ, பணம் வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்தின் பெயரோ இருக்கும். 499 என்ற தொகையையும் 8-ம் தேதியையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். திறந்ததும் உடனே ரத்து பட்டனை அழுத்திவிட வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். UMN என்று ஒரு நீண்ட எண், தொடங்கிய தேதி, இதுவரை பிடித்த தொகைகள் எல்லாம் அதில் தெரியும். சில ஆப்களில் ரத்து செய்த பிறகு அந்தப் பதிவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எடுத்த பிறகு யுபிஐ பின் போட்டு ரத்து செய்யுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் மாதம் 8-ம் தேதி தொடங்கி அடுத்த 7-ல் முடிகிறது. மார்ச் 8-ல் பிடித்த பணம் ஏப்ரல் 7 வரைக்கும் ஆனது. நடுவில் நிறுத்தியதற்காக அதில் மிச்ச நாளைக் கேட்காதீர்கள். கேட்டால், "பாதி மாதத்துக்குப் பணம் தருவதில்லை" என்ற விதியைக் காட்டி, மொத்தக் கடிதத்துக்கும் அதையே பதிலாக அனுப்பிவிடுவார்கள். ஏப்ரல் 8, மே 8, இரண்டும் சேர்ந்து 998 ரூபாய். அது மட்டும்தான் உங்கள் கோரிக்கை.

இதற்கு முதுகெலும்பு மார்ச் 27-க்கான சான்று. ரத்தானதும் மெயில் வந்திருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். "ரத்து செய்யப்பட்டது, ஏப்ரல் 7 வரை பயன்படுத்தலாம்" என்று இருந்தால் வேலை முடிந்த மாதிரி. "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று மட்டும் இருந்தால், அது ரத்தே ஆகவில்லை என்று வாதாடப் பார்ப்பார்கள். அப்படியென்றால் அந்த வாரத்தில் அவர்களோடு நடந்த சாட், மெயில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதும் மெயிலை உதவிப் பிரிவுக்கும், அவர்களின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி அந்த அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மெயிலில் நீண்ட கதை வேண்டாம். பதிவு செய்த போன் நம்பர், ரத்து செய்த தேதி, பிடித்த இரண்டு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் உள்ள 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், தொகை 998, பணம் போன அதே கணக்குக்குத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான்.

ஒன்று பார்க்க விட்டுப்போகும். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏப்ரல் 7, மே 7 வாக்கில் உங்கள் எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். வந்திருந்தால் அழிக்காதீர்கள். வரவே இல்லையென்றால் வங்கியிடம் தனியாகக் கேட்கலாம்.

ஷாகுல், மேலப்பாளையம்: நானும் ஒரு ஆப்பை போனிலிருந்தே அழித்துவிட்டேன். இருந்தும் பணம் போகுது. 3 நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணமும் தரணும்னு ரிசர்வ் வங்கி சட்டம் இருக்குல்ல அண்ணாச்சி?

சட்டம் இருக்கிறது தம்பி. 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கை. ஆனால் வேறு யாரோ உங்கள் அனுமதியில்லாமல் பணத்தை எடுத்தால் அது பொருந்தும். உங்கள் விஷயத்தில் வங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: பணம் பிடித்த அன்று நீங்கள் கொடுத்த அனுமதி நடப்பில் இருந்ததா? இருந்தது. அப்புறம் வங்கி கையைக் கட்டிக்கொள்ளும். ஆட்டோபேயை ரத்து செய்த பிறகும் அதன் பேரில் பணம் போனால், அப்போது அந்தச் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள்.

ஆப்பை அழிப்பது ரத்து ஆகாது. பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா எடுத்திருந்தால், ஸ்டோரில் Payments & subscriptions என்ற இடத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். இதுவரை போன பணத்தை உரிமையாகக் கேட்க உங்களிடம் ரத்து தேதி இல்லை. அழித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் கடைசி மாதத்தைத் தருவார்கள். அதற்கு மேல் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முருகேசன், வள்ளியூர்: எங்க அப்பா கணக்கில் வருஷா வருஷம் 436 ரூபாய் பிடிக்கிறான். அதையும் இப்படியே வாங்கிரலாமா?

அது சந்தா இல்லை தம்பி, பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 2 லட்சம் ரூபாய்க்கான ஆயுள் காப்பீடு, ஜூன் 1 முதல் மே 31 வரை. அப்பா என்றோ கிளையில் கையெழுத்துப் போட்டிருப்பார். நிறுத்த வேண்டுமானால் மே மாதக் கடைசியில் பணம் பிடிப்பதற்கு முன்னாலேயே கிளையில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். ஆனால் வீட்டில் ஒருமுறை பேசிவிட்டுச் செய்யுங்கள். 55 வயதானால் அந்தக் காப்பீடு முடிந்துவிடும், அப்பாவின் வயதையும் கிளையில் சொல்லிக் கேளுங்கள்.

கோமதி, அம்பாசமுத்திரம்: எனக்கு கிரெடிட் கார்டில் பிடிக்கிறார்கள். ரத்து மெயில் இருக்கிறது. கார்டையே பிளாக் செய்துவிட்டால் போதும்தானே?

கார்டை பிளாக் செய்தால் பிடிப்பு நிற்கலாம், போன பணம் வராது. வங்கியின் தளத்தில் இந்த கார்டுக்குக் கொடுத்த நிரந்தர உத்தரவுகள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் ஓடிபி போட்டு இந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். கார்டு இருக்கட்டும்.

கம்பெனி மறுத்தால் கார்டில் யுபிஐயைவிட வலுவான வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பிடிப்பு தவறு என்று வங்கியில் டிஸ்பியூட் போடுவது. ரத்து செய்த சந்தாவுக்குப் பணம் பிடித்தார்கள் என்பதற்கே விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் தனிக் காரணம் உண்டு. பொதுவாக 120 நாள் கெடு, ஆனால் வங்கிகள் அதற்கு முன்பே மூடிவிடுவதும் உண்டு, அதனால் அடுத்த ஸ்டேட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். ரத்து மெயிலையும், கம்பெனிக்கு எழுதிய மெயிலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கம்பெனிக்கும் பதில் சொல்ல வாய்ப்பு தருவார்கள். அப்போது அவர்கள் எடுத்து வைப்பது நீங்கள் எப்போது எப்போது உள்ளே நுழைந்தீர்கள் என்ற பதிவு. ரத்து செய்து, ஏற்கனவே கட்டிய மாதமும் முடிந்த பிறகு ஒரு படமோ பாடமோ பார்த்திருந்தால் கேஸ் அங்கேயே சாயும். செல்வி அம்மாவும் இதைக் கவனியுங்கள்: மகன் ஏப்ரல் 7-க்குப் பிறகு ஆப்பைத் திறந்து பாடம் பார்த்தானா என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலன், தென்காசி: இவ்வளவு எதுக்கு? கணக்கில் காசு வைக்காமல் விட்டால் தானா நிற்கும். என் ஜிம்முக்கு அப்படித்தான் செய்தேன்.

தம்பி, ஜிம்முக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நாச் மேண்டேட் என்றால், காசில்லாமல் திரும்பும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி அபராதம் எடுக்கும். அடுத்து நீங்கள் பணம் போடும்போது அது கழிந்துபோகும். ஸ்டேட்மெண்டைப் பாருங்கள், இப்போதே எடுத்திருக்கலாம். கிளையில் மேண்டேட்டை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள். ஜிம் உரிமையாளரிடமும் எழுத்தில் சொல்லுங்கள், ஒரு வருட ஒப்பந்தம் என்றால் மிச்சம் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கலாம்.

செல்வி, பாளையங்கோட்டை: அண்ணாச்சி, நீங்கள் சொன்ன மாதிரி எழுதினேன். "விதிப்படி பணம் திரும்பாது, 998-க்கு ஆப்பிலேயே வரவு வைக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. கூகுளில் தேடினபோது கிடைத்த நம்பரில் ஒருவர் ரீஃபண்ட் லிங்க் அனுப்புகிறேன் என்கிறார்.

முதலில் அந்த நம்பரை விடுங்கள், இப்போதே. பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பரும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. லிங்க்கைத் தொட வேண்டாம்.

ஆப்பில் வரவு வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போடுங்கள்: "மார்ச் 27-ல் ரத்தான சந்தாவுக்குப் பிடித்த பணம், வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்." பணம் திரும்பாது என்ற அவர்கள் விதி, நடப்பில் இருக்கும் சந்தாவைப் பற்றியது. ஒப்பந்தமே முடிந்த பிறகு எடுத்த பணத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள். வரவை நீங்கள் பயன்படுத்திவிட்டால் விஷயம் முடிந்துபோனதாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, ஆனால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இந்த மாதிரிச் சின்னத் தொகை பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வந்துவிடும். வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமில்லை. 998 ரூபாய்க்கு ஆணையம் வரை போவதா என்பது உங்கள் முடிவு.

ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அது வங்கியின் தவறுக்கு. ஆட்டோபேயை ரத்து செய்த பிறகும் ஜூன் 8-ல் பணம் போனால் வங்கியில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் அப்போது cms.rbi.org.in.

ராஜன், களக்காடு: 7-ம் தேதி காலை முன்னறிவிப்பு வந்தது. அன்று மாலை ஆப்பில் ரத்து செய்தேன். 8-ல் பிடித்துவிட்டான். நான் ரத்து செய்தது கெடுவுக்கு முன்னா, பின்னா?

இதில் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. 24 மணி நேரம் முன்னால் ரத்து செய்ய வேண்டும் என்று பல கம்பெனிகள் விதியில் எழுதியிருக்கும். உங்கள் சந்தாவில் அந்த வரி இருந்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், முன்னறிவிப்பு என்பதே வேண்டாமென்றால் விலகிக்கொள்ளத்தான். வந்த அன்றே விலகினவரிடம் தாமதம் என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. எஸ்எம்எஸ் வந்த மணியையும் ரத்து மெயிலின் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். 8-க்குப் பிறகு ஆப்பைத் திறக்காதீர்கள். என்ன பதில் வருகிறது என்று இங்கே போடுங்கள், பார்ப்போம்.