ஒரே ஒரு ஃபோல்டர், பாக்க மட்டும்: ஐடிக்கு லெட்டர் எப்படி எழுதணும்?

"அண்ணா, நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரில ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல கிளார்க்கா இருக்கேன். மாசாமாசம் அட்மிஷன், டிஸ்சார்ஜ் ஸ்டேட்மெண்ட் போட ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர் பாக்கணும், எனக்கு அக்சஸ் இல்ல, பக்கத்து சீட் அக்கா லாகின்லதான் பாக்கேன். ஐடில லெட்டர் கேக்காங்க. 'அக்காவுக்கு இருக்க மாதிரியே எனக்கும் குடுங்க'ன்னு எழுதினா போதுமா?"

அந்த ஒரு வரிய மட்டும் எழுதிராதீங்க தங்கச்சி. அந்த அக்கா எத்தன வருஷமா அங்க இருக்காங்களோ, எந்தெந்த செக்‌ஷன்லல்லாம் வேல பாத்தாங்களோ, அங்கெல்லாம் குடுத்த பெர்மிஷன் அவங்க லாகின்ல இன்னும் ஒட்டிட்டு இருக்கும். ஐடில உள்ளவங்க அவசரத்துல அவங்க பேர்ல உள்ள குரூப் எல்லாத்தையும் அப்படியே உங்க பேர்லயும் சேத்துட்டா பில்லிங், லேப்னு நீங்க கேக்காத கதவெல்லாம் தொறந்துரும், நாளைக்கு எதாவது ஃபைல் காணாம போனா உங்க பேரும் லிஸ்ட்ல வரும். அந்த அக்கா லாகின்ல உக்காந்து பாக்கதையும் இன்னைக்கே விட்டுருங்க, நீங்க என்ன செஞ்சாலும் சர்வர் ரெக்கார்டுல அவங்க பேர்லதான் விழும்.

லெட்டருக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு, ஃபோல்டரோட முழு முகவரி எடுக்கணும். நெறய பேரு "ஆர் டிரைவ்ல இருக்க ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர்"னு எழுதுவாங்க. அந்த ஆர் அந்த கம்ப்யூட்டர்ல வச்ச செல்லப்பேர் மாதிரி, இன்னொரு கம்ப்யூட்டர்ல அதே எழுத்து வேற எடத்த காட்டலாம். அதனால அந்த அக்காவ பக்கத்துல வச்சுகிட்டு, அவங்க கைல அவங்க கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து இத அடிக்க சொல்லுங்க:

```
net use
```

R: பக்கத்துல \\FS01\Reports மாதிரி ஒண்ணு வரும், அதான் உண்மையான பேரு. அதுக்குள்ள எந்த ஃபோல்டர்னு பாத்து பின்னாடி சேத்துக்கிடுங்க. உதாரணத்துக்கு \\FS01\Reports\MRD\Monthlyன்னு வச்சுக்கிடுவோம். ஒரு எழுத்து கூட மாறாம எழுதணும், ஸ்பேஸ் இருந்தா அதையும் சேத்து.

அடுத்தது யார் ஓகே சொல்லணும்கிறது. ஐடி சாவி வச்சிருக்க ஆளுதான், ஃபோல்டருக்கு சொந்தக்காரங்க ரிப்போர்ட் போடுற டிபார்ட்மெண்ட், உங்க எடத்துல அது அனேகமா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆபீசரா இருக்கும். அவங்க கையெழுத்து இல்லாத லெட்டர் ஐடி மேஜைலயே கெடக்கும், நல்ல ஐடின்னா திருப்பி அனுப்பிருவாங்க. மொதல்ல அவங்ககிட்ட காட்டி கையெழுத்து வாங்கிட்டு குடுங்க.

லெட்டர் இவ்வளவு போதும்:

"ஐடி பிரிவுக்கு, வணக்கம். நான் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் கிளார்க் (பேர், எம்ப்ளாயி நம்பர், லாகின் ஐடி). மாதாந்திர அட்மிஷன், டிஸ்சார்ஜ் ஸ்டேட்மெண்ட் தயாரிக்க \\FS01\Reports\MRD\Monthly ஃபோல்டரையும் அதுக்குள்ள உள்ள ஃபோல்டர்களையும் பாக்க மட்டும் (Read) அனுமதி வேணும். மாத்த, அழிக்க, புதுசா சேக்க அனுமதி வேண்டாம். மேல உள்ள MRD, Reports ஃபோல்டர்கள்ல வேற எதுவும் வேண்டாம். நான் செக்‌ஷன் மாறினா இந்த அனுமதிய எடுத்துருங்க. ஃபோல்டர் பொறுப்பாளர் ஒப்புதல் கீழ இருக்கு."

"மாத்த, அழிக்க வேண்டாம்"னு தனியா எழுத ஒரு காரணம் இருக்கு. நான் முன்னாடி வேல பாத்த ஒரு எடத்துல ஒரு நாள் காலைல மார்ச் மாச ஃபோல்டர் மொத்தமா காணோம்னு ஒரே களேபரம், யாரு அழிச்சான்னு ஆளாளுக்கு பேச்சு, கடைசில பாத்தா அது பக்கத்துல இருந்த ஏப்ரல் ஃபோல்டருக்குள்ள கெடக்கு. மவுஸ புடிச்சிட்டே லேசா இழுத்துட்டு விட்டுருக்காங்க, அவ்வளவுதான். இதாவது கெடச்சுது. சர்வர் ஃபோல்டர்ல ஒரு ஃபைல அழிச்சா சாதாரணமா அது உங்க ரீசைக்கிள் பின்னுக்கு வராது, பேக்கப்ல இருந்துதான் எடுக்கணும். பாக்க மட்டும் அனுமதி இருந்தா இந்த இழுபறி உங்க கையால நடக்கவே நடக்காது, அதான் இதுல உங்களுக்கு கெடைக்க பெரிய பாதுகாப்பு.

அவங்க குடுத்தாச்சுன்னு சொன்ன பிறகும் சிலசமயம் தொறக்காது. ஸ்கிரீன லாக் பண்ணிட்டு தொறந்தா பத்தாது, சைன் அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வாங்க, ஏன்னா நீங்க எந்தெந்த குரூப்ல இருக்கீங்கன்னு லாகின் ஆகும்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கி வச்சுக்கிடும். அப்பறம் Reportsல இருந்து ஒவ்வொண்ணா தொறந்து போகாதீங்க, மேல உள்ள ஃபோல்டர்ல பெர்மிஷன் இல்லாததால நடுவுலயே அக்சஸ் டினைடுன்னு வரும், அது தப்பு இல்ல. முழு முகவரிய அட்ரஸ் பார்ல போட்டு என்டர் அடிங்க, தொறந்துட்டா டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் போட்டு வச்சுக்கிடுங்க.

தொறந்ததும் ஒரு சோதனை போடுங்க. ஒரு எக்ஸல் ஃபைல தொறந்து பாருங்க, அது வரணும். பிறகு அதே ஃபோல்டர்ல காலி எடத்துல ரைட் கிளிக் பண்ணி புதுசா ஒரு ஃபோல்டர் உண்டாக்க பாருங்க, "Destination Folder Access Denied"னு வந்தா சரியா குடுத்துருக்காங்கன்னு அர்த்தம். இருக்க ஃபைல அழிச்சு மட்டும் சோதிக்காதீங்க, பெர்மிஷன் தப்பா இருந்தா போனது போனதுதான்.

புது ஃபோல்டர் உண்டாயிட்டா கேட்டத விட கூட குடுத்துருக்காங்க. பெரும்பாலும் காரணம் இதுதான்: வேற வேற குரூப் வழியா வர்ற பெர்மிஷன் சாதாரணமா ஒண்ணோட ஒண்ணு கூடிதான் சேரும், பாக்க மட்டும்ங்கிற குரூப்ல உங்கள சேத்துருந்தாலும் எழுதற அனுமதி உள்ள வேற குரூப் ஒண்ணுல நீங்க ஏற்கனவே இருந்தா, எழுத முடியும். இத அடிச்சா நீங்க எந்தெந்த குரூப்ல இருக்கீங்கன்னு வரும்:

```
whoami /groups
```

அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நீங்க உண்டாக்கின ஃபோல்டர் பேரையும் சொல்லி ஐடிக்கு அனுப்புங்க, அவங்க எந்த குரூப்னு கண்டுபுடிச்சு எடுத்துருவாங்க.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சிருக்கணும், பாக்க மட்டும்னாலும் காப்பி எடுக்கத தடுக்காது. அங்க உள்ள ஃபைல உங்க டெஸ்க்டாப்புக்கு இழுத்தா ஒரு பிரதி வந்துரும், அதுல நோயாளி பேரும் நம்பரும் அப்படியே இருக்கும். ஸ்டேட்மெண்டுக்கு எண்ணிக்கை மட்டும்தான வேணும், அத உங்க ஷீட்ல டைப் பண்ணிக்கிடுங்க, ஃபைல தூக்கிட்டு வராண்டாம். ஃபைலத்தான் எடுத்தாகணும்னு வந்தா ரெக்கார்ட்ஸ் ஆபீசர்கிட்ட கேட்டுட்டு, வேல முடிஞ்சதும் அந்த பிரதிய அழிச்சிருங்க.