அப்பா பெயரில் உள்ள வீடு: "மொத்தம் எவ்வளவு ஆகும்?"

கேள்வி: சார், அப்பா பெயரில் உள்ள வீட்டை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு ஆகும்? ஒரு ரேட் சொன்னால் பணம் ஏற்பாடு செய்துகொள்வேன்.

பதில்: இப்போதைக்கு ரேட் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை நம்பி நீங்கள் பணம் புரட்டிவிடுவீர்கள், அப்புறம் பத்திர அலுவலக வாசலில் நின்றுகொண்டு கூடுதலாக ஒன்றரை லட்சம் தேட வேண்டியிருக்கும். முதலில் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா? "அப்பா பெயரில் உள்ள" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் காலமாகிப் பல வருடம் ஆன பிறகும் பத்திரமும் பட்டாவும் அவர் பெயரிலேயே இருப்பது சாதாரணம். இருக்கிறார் என்றால் அவரே தான செட்டில்மென்ட் எழுதித் தரலாம். தமிழ்நாட்டில் அப்பா மகனுக்கோ மகளுக்கோ எழுதினால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 10,000. வீட்டுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 30,000மும் 10,000மும் சேர்த்து 40,000 ஆகும்.

சரி, "எங்கள்" என்றால் யார் யார்? நீங்களும் உங்கள் துணையுமா, நீங்களும் உடன்பிறந்தவர்களுமா? இந்த 1 சதவீதம் குடும்பத்துக்குள் எழுதுவதற்கான சலுகை, அந்தக் குடும்பத்தில் மருமகளும் மருமகனும் வர மாட்டார்கள். அப்பா பாதி வீட்டை மருமகள் பெயருக்கு எழுதினால் அந்த 15 லட்சத்துக்கு 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு என 1,35,000 போய்விடும். அதையே அவர் முழுவதையும் மகனுக்கு எழுதி, பின்னால் மகன் பாதியைத் தன் மனைவிக்கு எழுதினால் கணவன் மனைவி ஒரே குடும்பம் என்பதால் அந்த இரண்டாவது பத்திரத்துக்கு 25,000தான். ஒரே ஒரு சொல்லுக்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள், அதனால்தான் பெயரும் உறவும் தனித்தனியாக வேண்டும் என்கிறேன்.

அப்பா காலமாகிவிட்டார் என்றால், உயில் எழுதி வைத்தாரா? இல்லையென்றால் வாரிசுகள் யார் யார்? நீங்கள் இந்துவாக இருந்து, வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாய் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, பாட்டியைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அம்மா, நீங்கள், தங்கை என மூன்று பேர்தான் என்றால், மற்ற இருவரும் தங்கள் மூன்றில் இரண்டு பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். அதே 30 லட்ச வீட்டில் அந்தப் பங்கு 20 லட்சம், அதற்கு 20,000 முத்திரை, 10,000 பதிவு, ஆக 30,000.

வாரிசுகளில் யாராவது ஏற்கனவே இறந்திருக்கிறார்களா, அவர்களுக்குக் குழந்தைகள் உண்டா, 18 வயது ஆகாதவர்கள் இருக்கிறார்களா? இதை நான் கேட்காமல் விட்டதால் ஒரு குடும்பம் சிரமப்பட்டது. போனில் "மூணு பேர்தான் சார்" என்றார்கள், நானும் தொகையைச் சொல்லிவிட்டேன். வாரிசுச் சான்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது நாலாவதாக ஒரு பெயர், வயது 14. அப்பாவுக்கு முன்பே இறந்துபோன அண்ணனின் மகள். மைனரின் பங்கைக் காப்பாளர் தன்னிஷ்டத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். நான் சொன்ன தொகையும் தேதியும் அன்றே பொய்யாகிவிட்டன.

வாரிசு யாராவது வெளிநாட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நேரில் வராவிட்டால் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட வேண்டும். அது தனிச் செலவு.

கடைசியாக, "மாற்ற" என்று எதைச் சொல்கிறீர்கள்? அப்பா காலமாகி, எல்லா வாரிசுகளும் சேர்ந்தே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், பட்டாவிலும் வீட்டு வரியிலும் பெயர் மாறினால் போதும் என்றால் பத்திரமே தேவையில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து விண்ணப்பித்தால் போதும், முத்திரைக் கட்டணம் கிடையாது. பிறகு ஒருவர் பெயருக்கு வேண்டும் என்றாலோ பிரித்துக்கொள்வது என்றாலோதான் பத்திரம்.

அப்பாவின் மூலப் பத்திரத்தின் முதல் இரண்டு பக்கங்களையும் சொத்து விவரப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். வாரிசுச் சான்று இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். தெருப் பெயரோ சர்வே எண்ணோ கொடுத்து tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பை நீங்களே பார்க்கலாம், பார்த்துச் சொல்லுங்கள். இவை கைக்கு வந்ததும் அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, என் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருகிறேன்.