சரக்கு திருப்பியதற்கு டெபிட் நோட்: டர்பன் கடைக்காரர்களின் கேள்விகள்

அக்கா, பீனிக்சில் மளிகைக் கடை. “உங்கள் தேங்காய்ப்பால் டின் எல்லாம் மோசம், 2,520 ராண்ட் கழித்துக்கொள்கிறேன்” என்று சப்ளையருக்கு எழுதினேன். பதிலே இல்லை. டின் உப்பியிருந்தது, 6 பெட்டி.

அவர் கணக்குப்பிள்ளை இதை எந்தப் பில்லோடு சேர்ப்பார், தம்பி? நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பெட்டி 420 ராண்ட், ஆனால் கீழே 5% தள்ளுபடி இருக்கிறது. ஆக நீங்கள் கொடுத்தது 399. அதைத்தான் திரும்பக் கேட்க முடியும். வாட்டையும் விட்டுவிட்டீர்கள். இப்படி எழுதுங்கள்:

“டெபிட் நோட் DN-014. உங்கள் மார்ச் 3 பில் INV-2217, வரிசை 2: தேங்காய்ப்பால் டின், 6 பெட்டி. காரணம்: டின் உப்பியிருந்தது, பேட்ச் எண் தெரியும் படம் இணைப்பில். மார்ச் 6 அன்று உங்கள் டிரைவர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்றார். 6 × 399 = 2,394.00, வாட் 15% 359.10, மொத்தம் 2,753.10 ராண்ட். இதே பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் அனுப்புங்கள்.”

“மோசம்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். டின் நசுங்கியிருந்தால் உங்கள் கடையிலேயே விழுந்தது என்று அவர் சொல்லலாம். உப்பியிருந்தால் உள்ளே சரக்கு கெட்டிருக்கிறது. பேட்ச் எண் கையில் இருந்தால் அவர் தயாரித்தவரிடம் கேட்க முடியும், உங்கள் பணமும் சீக்கிரம் வரும். கிரெடிட் நோட் வரும்வரை பணத்தைக் கழிக்காதீர்கள்.

மூன்று பில்லில் வாங்கியது. ஒரே நோட் போதுமா?

போதும். ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் பில் எண், அந்தப் பில்லின் விலை. கிரெடிட் நோட் வரும்முன் கழிக்காதீர்கள்.

டெபிட் நோட் கொடுத்தாலே வாட் முடிந்துவிடும். சப்ளையர் தாள் எதற்கு?

பாதி சரி, அண்ணே. சரக்கு திரும்பிப் போனது உங்களுக்கே தெரியும். அதனால் அந்தச் சரக்குக்கு எடுத்த இன்புட் வாட்டை நீங்கள் திருப்பிச் சரிக்கட்டத்தான் வேண்டும். ஆனால் வாட் சட்டம் 21ஆம் பிரிவில் விலை குறைந்தால் விற்றவர் தருவது கிரெடிட் நோட். டெபிட் நோட் என்பது விலை கூடினால் அவரே தருவது. நாம் அனுப்புவது கோரிக்கைதான்.

என் தங்கை வேலை செய்யும் பெரிய கடையில் வாங்குபவர் நோட்டே செல்லுகிறது!

அங்கே வாங்குபவரே பில் தயாரிக்க வரித்துறையான சார்ஸின் அனுமதி இருக்கலாம். அவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். சாதாரண மளிகைக் கடைக்கு அது பொருந்தாது.

பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் ஆடிட்டரிடம் 21ஆம் பிரிவைக் காட்டிக் கேளுங்கள், அண்ணே.

கஸ்டமர் எனக்குத் திருப்பிய அரிசிக்கு?

அங்கே விற்றவர் நீங்கள். கிரெடிட் நோட் நீங்கள்தான் தரவேண்டும்.

மாதக் கடைசி. நோட் வரவில்லை, கழித்துக் கட்டட்டுமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். சும்மா கழித்தால் அவர் ஸ்டேட்மென்டில் அது பாக்கியாக நிற்கும், அடுத்த லோடும் நிற்கும். கழிக்கலாம் என்று அவர் எழுதித் தந்திருந்தால் மட்டும், பணம் கட்டும் மெயிலில் DN எண்ணையும் தொகையையும் போட்டுக் கழியுங்கள்.